வினையும் மறுபிறவியும்: புரிதல் தேர்வு

காரைக்குடி, ஞாயிறு சமய வகுப்பு (9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு)
நேரம்: 20 நிமிடம்

சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதில் இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். மனப்பாடம் வேண்டாம், தாளிலேயே இருக்கிறது. உங்கள் நம்பிக்கையையும் கேட்கவில்லை. கேள்வி சொல்லும் மரபில் நின்று பதில் எழுதுங்கள்.

1. வள்ளியம்மைக்குப் பிறவியிலேயே கால் ஊனம். "போன பிறவியில் செய்தது, அனுபவிக்கட்டும்" என்று அவள் காதுபடச் சொல்லிச் சிரிக்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சைவ சித்தாந்தப்படி அந்தப் பேச்சு:
அ) வள்ளியம்மையின் பிராரத்தம், அண்ணனுக்கு ஒட்டாது
ஆ) அண்ணனின் ஆகாமியம்
இ) வெறும் பேச்சு, வினையாகாது
ஈ) வள்ளியம்மையின் சஞ்சிதத்தைக் கூட்டும்

2. "பழைய துணியைக் களைந்து புதுத்துணி உடுப்பதுபோல உயிர் உடல் மாறுகிறது" என்பது கீதையின் உவமை. பௌத்தர் இதை ஏற்காதது ஏன்?
அ) மறுபிறவி இல்லை என்பதால்
ஆ) வினைக்குப் பயனில்லை என்பதால்
இ) உடல் அழியாது என்பதால்
ஈ) துணி மாற்றும் நிலையான ஆள் இல்லை என்பதால்

3. "வினை, வட்டிக்கடைப் பேரேடு மாதிரி அப்பச்சி. பற்று எழுதினால் போதும், தானே வசூலாகிவிடும்" என்கிறான் பேரன். சித்தாந்தம் படித்த அப்பச்சி என்ன சொல்வார்?
அ) "ஏடு வசூலுக்குப் போகாதுடா, ஆள் வேணும்."
ஆ) "பற்றும் கிடையாது, வரவும் கிடையாது."
இ) "சாமி நினைச்சபடி எழுதுவார், நாம செஞ்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."
ஈ) "சரியாச் சொன்னே."

4. உயிர்கள் கடக்க வேண்டிய பிறவிகள் முன்பே வரையறுக்கப்பட்டவை என்பது ஆசீவகரின் நியதிக் கொள்கை. பிறவி குறையட்டும் என்று பிள்ளையார்பட்டியில் அன்னதானம் செய்கிறார் ஓர் ஆச்சி. ஆசீவகர் சொல்வது:
அ) குறையும்
ஆ) மனத்தூய்மை இருந்தால் குறையும்
இ) மறுபிறவி உண்டு, தானத்தால் குறையாது
ஈ) மறுபிறவியே இல்லை

திருத்துவோருக்கு

விடைகள்: 1-ஆ, 2-ஈ, 3-அ, 4-இ.

முதல் கேள்வியில் 'அ' எழுதும் பிள்ளைக்குப் பிராரத்தத்தின் பொருள் தெரியும். அடுத்தவர் துன்பம் அவரவர் வினை என்பதால் தன் வாய்க்குக் கணக்கில்லை என்று நினைக்கிறது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஏறும் என்பதை அங்கே பேசுங்கள்.

மூன்றாவதில்தான் அதிகம் சறுக்குவார்கள். 'இ' பக்தியாகத் தோன்றும், அதற்காகவே வைத்தேன். சித்தாந்தத்தில் கன்மம் அறிவற்றது. செய்தவனைத் தானாகத் தேடிப் போகாது. வினைக்கேற்ற பயனை உயிரிடம் சேர்ப்பவன் இறைவன். இருவினையின் போக்குவரவை அவன் ஆணையோடு சேர்த்துப் பேசுகிறது சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரம். இறைவன் இஷ்டத்துக்குக் கொடுக்கிறான் என்பது வேறு. 'ஈ' எழுதியவரிடம், "கடன்காரன் ஊரைவிட்டே போய்விட்டால் ஏடு என்ன செய்யும்?" என்று கேளுங்கள்.

நான்காவதில் 'ஈ' வந்தால், வினையை மறுப்பவர் மறுபிறவியையும் மறுப்பார் என்று பிள்ளை முடிச்சுப் போட்டுவிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஆசீவகரைக் கொண்டுவந்தேன்.

இரண்டாவதற்கு விளக்கம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.