விற்பனைக்கு: பட்டர்வொர்த், மாக் மண்டின் பகுதியில் டெரஸ் வீடு, நிரந்தர நில உரிமை, RM 348,000

```
FOR SALE BY FAMILY: Mak Mandin, Butterworth, Penang
Single-storey terrace, intermediate lot, freehold
Land 22 x 70 ft (1,540 sq ft), built-up about 1,000 sq ft
3 bedrooms, 2 bathrooms, built 1984, rewired 2014
RM 348,000, no agent, no bank loan on title
Known faults: kitchen roof leak, asbestos roof sheets at back
Relatives have first choice until 16 July 2025
Viewing: Saturdays and Sundays, 10 am to 5 pm
All payments to lawyer's client account only
```

மேலே ஆங்கிலத்தில் உள்ளது சுருக்கம். தமிழ் படிக்க வராத பேரப்பிள்ளைகளும், சீன, மலாய் அண்டை வீட்டாரும் பார்ப்பார்கள் என்பதற்காக அதை முதலில் வைத்தோம். விவரம் எல்லாம் கீழே தமிழில் இருக்கிறது. இரண்டிலும் எண்கள் ஒன்றேதான். எங்காவது வேறாகத் தெரிந்தால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள், திருத்திவிடுகிறோம். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டு உறவுக்கு ஒரு விலை என்பது கிடையாது.

எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 1984-இல் இந்தத் தாமான் குடியிருப்பைக் கட்டி முடித்தபோது கடன் வாங்கி வாங்கிய வீடு. அப்பா 2012-இலும் அம்மா 2015-இலும் காலமானார்கள். உயில் இல்லாததால், நீதிமன்றத்தில் நிர்வாக ஆணை வாங்கி, 2017-இல் பிள்ளைகள் நால்வர் பெயருக்கும் சமமாக, அதாவது ஆளுக்குக் கால் பங்காக, மாற்றினோம். நான் மூத்த மகள், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஒரு தம்பி சென்னையில், ஒரு தம்பி மெல்பர்னில், தங்கை லண்டனில். நால்வரும் சம்மதித்துத்தான் இதை விற்கிறோம்.

வீடு எப்படி இருக்கிறது

தரைத்தளம் மட்டும்தான், மாடி இல்லை. தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்கள் ‘ஒரு மாடி வீடு’ என்று யாராவது சொல்லிக் கேட்டால் குழம்ப வேண்டாம். வரிசை வீடுகளின் நடுவில் உள்ளது, இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். நிலம் 22-க்கு 70 அடி, 1,540 சதுர அடி. ஊர்க் கணக்கில் சுமார் மூன்றரை சென்ட், மீட்டர் கணக்கில் 143 சதுர மீட்டர். வாசல் கிழக்கு பார்த்தது. முன்னால் ஒரு கார் நிற்கும் போர்ச், இரும்புக் கேட். மூன்று அறைகள், இரண்டு குளியலறைகள். ஹாலை ஒட்டி ஒரு சின்ன சாமி அறை. தரை முழுக்க மொசைக், பழசு ஆனால் விரிசல் இல்லை. பின்பக்கம் சமையலறையை அப்பா நீட்டினார். அந்த வரைபடத்துக்கு அன்றே நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் வாங்கியிருக்கிறார், பிரதி கையில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் பல வீடுகளில் இந்த ஒப்புதல் இருக்காது. பிறகு வங்கி மதிப்பீட்டாளர் வரும்போதுதான் அது தெரியவரும். அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

2014-இல் வயரிங் முழுவதையும் மாற்றினோம். தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஏர்கான், சமையலறைக் கேபினெட், ஜன்னல் கிரில் எல்லாம் வீட்டோடு வரும். பின்னால் ஒரு கறிவேப்பிலை மரமும் முருங்கையும் இருக்கின்றன, அவையும் வாங்குபவருக்கே.

இனி குறைகள். சமையலறையை நீட்டிய இடத்தில் பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் மூட்டில், காற்றோடு அடித்துப் பெய்யும் மழைக்குத் தண்ணீர் சொட்டும். இரண்டு முறை அடைத்தோம், முழுதாக நிற்கவில்லை. பின்கூரைத் தகடு அஸ்பெஸ்டாஸ். அதை அறுக்காமல் முழுதாகக் கழற்றத் தெரிந்த ஆளைக் கொண்டுதான் மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அறையின் கதவு நிலையில் கரையான் வந்து மருந்து அடித்தோம், நிலையை மாற்றவில்லை. 2017 நவம்பரில் பினாங்கு முழுக்க வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. வாசல் படி வரை வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்தில் மாக் மண்டின் தொழிற்பேட்டை இருப்பதால் பகலில் லாரிச் சத்தம் கேட்கும்.

இடம்

மாக் மண்டின் தமிழ்ப்பள்ளி அருகில் இருக்கிறது. நாங்கள் நால்வரும் அங்கே நடந்தே போய்ப் படித்தோம். போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரத்தில் பினாங்கு சென்ட்ரலுக்குக் காரில் பத்து நிமிடம்தான். ரயில், பஸ், ஜார்ஜ் டவுனுக்குப் போகும் படகு மூன்றும் அங்கேயே கிடைக்கும். கோலாலம்பூரில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய வசதி, ரயிலை விட்டு இறங்கினால் வீடு வந்த மாதிரிதான். தீவில் வேலை செய்பவர்கள் பாலம் வழியாகவும் போகலாம், ஆனால் காலை நேர நெரிசலை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

பத்திரமும் வரியும்

நில உரிமை நிரந்தரமானது, கால வரம்பு கிடையாது. இங்கே நாம் ‘கிராண்ட்’ என்று சொல்லும் நிலப் பத்திரம் எங்கள் நால்வர் பெயரில் இருக்கிறது. அப்பா வாங்கிய கடன் அடைந்து, வங்கி ஈடு நீக்கமும் பதிவாகிவிட்டது. மாநகர் மன்றத்துக்குக் கட்டும் சுக்காய் பிந்து என்ற வீட்டு வரி 2025 ஜூன் வரை கட்டியாகிவிட்டது. நில வரி, தண்ணீர், மின்சாரம், இண்டா வாட்டர் கழிவுநீர்க் கட்டணம் எதிலும் பாக்கி இல்லை. ரசீதுகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். வீடு பார்க்க வரும்போது கேட்டால் கையில் கொடுப்போம்.

வெளிநாட்டில் இருக்கும் மூவரும் தங்கள் ஊர் மலேசியத் தூதரக அலுவலகத்தில் எனக்கு அதிகாரப் பத்திரம் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது இங்கே உயர் நீதிமன்றத்தில் பதிவாகி, நில அலுவலகத்திலும் சேர்க்கப்பட்டுள்ளது. அதனால் ஒப்பந்தத்தில் நால்வருக்காகவும் நானே கையெழுத்திடுவேன். ‘தம்பி வரட்டும், தங்கை வரட்டும்’ என்று வாங்குபவர் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் எப்படிப் போகும்

விலை RM 348,000. முதலில் 2 சதவீதம், RM 6,960. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இன்னும் 8 சதவீதம், RM 27,840. மீதி 90 சதவீதத்துக்கு மூன்று மாத அவகாசம். வங்கி தாமதித்தால் இன்னும் ஒரு மாதம் தருவோம், அந்த மாதத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதக் கணக்கில் வட்டி உண்டு. வாங்குபவர் தனியாகத் தன் லாயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம். எல்லாப் பணமும் லாயரின் வாடிக்கையாளர் கணக்குக்கே போகும். எங்களில் யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் அனுப்பச் சொல்லி யாராவது செய்தி அனுப்பினால், அது நாங்கள் இல்லை.

முத்திரை வரி வாங்குபவருடையது. முதல் RM 100,000-க்கு 1 சதவீதம், மீதிக்கு 2 சதவீதம். இந்த விலைக்கு RM 5,960 ஆகும். முதல் வீடு வாங்குபவர்கள் தங்களுக்கு விலக்கு உண்டா என்று லாயரிடம் கேளுங்கள்.

தம்பி தங்கைகளும் உறவினர்களும் அடிக்கடி கேட்பது, எங்கள் பங்கில் என்ன பிடிப்பார்கள் என்பது. ஒவ்வொருவர் பங்கும் RM 87,000. ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துவிட்ட மெல்பர்ன் தம்பியின் பங்கில் 7 சதவீதத்தை வாங்குபவரின் லாயர் நிறுத்திவைத்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அது RM 6,090. ஐந்து ஆண்டு தாண்டிவிட்டதால், மலேசியக் குடியுரிமை உள்ள மற்ற மூவருக்கும் சொத்து லாப வரி இல்லை. தம்பிக்கு அவர் பங்கின் லாபத்தில் 10 சதவீதம் வரி உண்டு. இது வாங்குபவருக்குக் கூடுதல் செலவு அல்ல, விலைக்குள்ளேயே நடக்கும் கணக்கு.

உறவினர்களுக்கு

சித்தப்பா, அத்தை, பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் யாராவது வாங்க நினைத்தால் ஆனி முடியும் வரை, அதாவது ஜூலை 16 வரை, உங்களுக்குத்தான் முதல் உரிமை. விலை அதேதான், நிபந்தனையும் அதேதான். ‘சொந்தம்தானே’ என்று குறைத்துக் கேட்காதீர்கள், நால்வருக்கும் நான் கணக்குச் சொல்ல வேண்டும். ஒன்று கவனியுங்கள்: மலேசியக் குடியுரிமை இல்லாதவர்கள் வீடு வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், பினாங்கில் குறைந்தபட்ச விலை வரம்பும் இருக்கிறது. எங்கள் விலை அந்த வரம்புக்குக் கீழே இருப்பதால், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் இந்த வீட்டைத் தங்கள் பெயரில் வாங்க இயலாது. இங்கே இருக்கும் ஒருவர் பெயரில் பேருக்கு வாங்கிப் போடும் யோசனைக்கு நாங்கள் உடன்பட மாட்டோம்.

அம்மாவின் குத்துவிளக்குகள், ஆட்டுக்கல், தையல் மெஷின், அப்பாவின் படங்கள் விற்பனைக்கு இல்லை. அவற்றை யார் யார் எடுத்துக்கொள்வது என்று குடும்பக் குழுவில் பேசிக்கொள்வோம். நாற்காலி, அலமாரி, கட்டில் வேண்டுமென்றால் வாங்குபவருக்கு இலவசமாகவே விட்டுச்செல்வோம்.

உள்ளூர் வாங்குபவர்கள் இப்போதே வந்து பார்க்கலாம், ஜூலை 17-இலிருந்து விலைக்கு ஒப்புக்கொள்வோம். அன்று ஆடி பிறக்கிறது. ஆடியில் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு, ஆவணி பிறக்கும் ஆகஸ்ட் 17 முதல் 24-க்குள் 2 சதவீதத்தைக் கட்டினால் போதும். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

வீடு பார்க்க

சனி, ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை. இந்த விளம்பரத்தின் கீழே உள்ள செய்திப் பொத்தானில் உங்கள் பெயரையும் வரும் நேரத்தையும் எழுதுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எதில் எழுதினாலும் அன்று இரவுக்குள் பதில் வரும்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஜூலை 12, சனிக்கிழமை, வீடியோவில் சுற்றிக் காட்டுகிறேன். மலேசிய நேரம் மாலை 4 மணி. சென்னையில் பகல் 1.30, லண்டனில் காலை 9, மெல்பர்னில் மாலை 6. கூரை ஒழுகும் மூட்டையும் கரையான் பிடித்த நிலையையும் முதலில் காட்டிவிடுகிறேன். இணைப்பைக் குடும்பக் குழுவில் வெள்ளிக்கிழமை போடுவேன். குழுவில் இல்லாத உறவினர்கள் செய்திப் பொத்தானில் கேளுங்கள், அனுப்புகிறேன்.

மூத்த மகள், நால்வர் சார்பில்
பட்டர்வொர்த், 28 ஜூன் 2025