மிக்சி ஆர்டர்: 2,450 எப்படி 3,000 ஆனது?

வணக்கம். உங்கள் பக்கத்தில் மூன்று ஜார் மிக்சி 2,450 ரூபாய் என்று பார்த்து, நேற்று இரவு தக்கலை முகவரிக்கு ஆர்டர் போட்டேன். டெலிவரி இலவசம் என்றும் போட்டிருந்தீர்கள். கடைசியில் வந்த பில் 3,000.

பிரித்துப் பார்த்தால் ஜிஎஸ்டி 441, டெலிவரி 60, கேஷ் ஆன் டெலிவரிக்கு 49. கேஷ் கட்டணத்தையாவது விடுங்கள், நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் இலவச டெலிவரிக்கு 60 ரூபாய் எதற்கு? எங்கள் ஊர் குமரி மாவட்டத்துக் கோடியில் இருக்கிறது என்பதற்காகவா?

ஜிஎஸ்டிதான் சுத்தமாகப் புரியவில்லை. நீங்கள் போட்ட படத்திலேயே பெட்டியில் எம்ஆர்பி 2,799, எல்லா வரிகளும் உட்பட என்று அச்சாகியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கணக்கில் மிக்சிக்கு மட்டும் 2,891 வருகிறது. எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாதே. இந்த விலைக்கு மார்த்தாண்டத்தில் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கிவிடலாம்.

வரியையும் டெலிவரியையும் எடுத்துவிட்டு 2,499க்குத் திருத்திய பில் அனுப்புங்கள். முடியாதென்றால் பார்சல் கிளம்பும் முன்பே ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள், வாசல் வரை வந்து திருப்பி அனுப்புவது இருவருக்கும் வீண் அலைச்சல். இரண்டு பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன்.