ஆடிட்டர் கேள்விகளுக்கான பதில்கள்: திருத்திய பிரதி, 14.07.2025

தம்பி,

ஆடிட்டருக்கு அனுப்பலாம்னு சனிக்கிழமை நீ வாட்ஸப்ல எழுதி வச்சிருந்த பதில்களைப் படிச்சேன். நல்லவேளை, அனுப்புறதுக்கு முன்னாடி கேட்ட. ஒவ்வொண்ணையும் சலான், பில், கேஷ் புக்கோட வச்சுப் பார்த்து மாத்தி எழுதியிருக்கேன். உன் வரி முதல்ல, அனுப்ப வேண்டியது அதுக்குக் கீழே.

1. வருடக் கடைசி ஸ்டாக் எப்போது, எப்படி எண்ணப்பட்டது?

நீ எழுதினது: "31ஆம் தேதி எல்லாத்தையும் எண்ணிட்டோம் சார், புக்கோட கரெக்டா டேலி ஆகுது."

அனுப்ப வேண்டியது: "குடோன் ஸ்டாக் 29.03.2025 அன்று எண்ணப்பட்டது: 6,842 சேலைகள். அதன்பின் 30.03.2025 அன்று வெளியே சென்றவை 214, சாயப்பட்டறையிலிருந்து வந்தவை 60. எனவே 31.03.2025 நிலவரம் 6,688. கடை ஸ்டாக் 01.04.2025 மதியம் எண்ணப்பட்டது: 1,135. அன்று காலை விற்ற 18 சேலைகளைச் சேர்த்தால் 1,153. இரண்டும் சேர்ந்து 7,841. கணக்குப் புத்தகப்படி 7,853. 12 சேலைகள் குறைவதற்கான காரணம் இன்று வரை கண்டறியப்படவில்லை. எண்ணிக்கைத் தாள்களும் 30.03.2025, 01.04.2025 பில் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன."

இதுலதான் எனக்கு ரொம்ப நேரம் போச்சு. 31 அன்னிக்கு ரம்ஜான், கடையும் குடோனும் பூட்டியிருந்துச்சு. அதை நீயே அடுத்த பதில்ல எழுதியிருக்க! ஒரே தாள்ல ரெண்டு பதில் ஒண்ணையொண்ணு மறுத்தா, சரியா இருக்கிற மத்த பதிலையும் அவர் சந்தேகத்தோடதான் படிப்பார். எண்ணின தாள்ல நீயும் குடோன் அண்ணனும் போட்ட கையெழுத்துக்குக் கீழே 29னு தேதி தெளிவா இருக்கு. அந்தப் 12 சேலை "டேமேஜா இருக்கும்"னு ஃபோன்ல சொன்ன. டேமேஜ் நோட்டுல அப்படி ஒரு பதிவும் இல்லப்பா. தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுவோம்.

2. ரொக்கக் கையிருப்பு எண்ணியது எப்போது?

"30.03.2025 இரவு கடை மூடியபின் எண்ணப்பட்டது: ரூ.48,215. 31.03.2025 விடுமுறை. அன்று ரொக்க வரவு செலவு ஏதும் பதிவாகவில்லை."

இதுல நீ எழுதினது பெரும்பாலும் சரிதான், தொகை மட்டும் விட்டுப்போச்சு.

3. முடிச்சு போட வெளியே கொடுத்த துணி எவ்வளவு? திரும்ப வந்துவிட்டதா?

நீ எழுதினது: "சுமார் 900 போயிருக்கும், எல்லாம் நம்ம பழைய ஆளுங்கதான், வந்துரும் சார்."

அனுப்ப வேண்டியது: "டெலிவரி சலான்களின்படி 31.03.2025 அன்று 31 வீடுகளில் 943 சேலைத் துணிகள் இருந்தன. 22 வீடுகளிலிருந்து 701 துணிகளுக்கு எழுத்து மூலம் உறுதி பெற்றுள்ளோம். மீதி 9 வீடுகள், 242 துணிகளுக்கு உறுதி இன்னும் பெறப்படவில்லை. 31.03.2025 அன்று ஓராண்டைக் கடந்த சலான் எதுவும் இல்லை. ஆனால் 18.04.2024 தேதியிட்ட இரண்டு சலான்களின் 26 துணிகள் (மேற்கண்ட 242இல் அடங்கியவை) இன்று வரை திரும்பவில்லை, ஓராண்டு கடந்துவிட்டது. இதன் ஜி.எஸ்.டி. விளைவு குறித்து ஆலோசகரிடம் கேட்டுள்ளோம். அவர் பதில் வந்தபின் தனியாகத் தெரிவிப்போம்."

ஜி.எஸ்.டி. சட்டம் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த துணி ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும். கமிஷனர் நீட்டிச்சுக் கொடுக்கலாம், ஆனா நாம விண்ணப்பமே போடலை. திரும்பலைன்னா கொடுத்த அன்னிக்கே சப்ளை பண்ணினதா எடுத்துக்குவாங்க. அதனால "வந்துரும்"ங்கிற வார்த்தை இங்க ஆபத்து. அந்த 26 துணி இருக்கிற வீட்டுக்கு நேத்து நானே போனேன். அந்த அம்மாவுக்கு கண் ஆபரேஷனாம், நாலு மாசமா முடிச்சு போடலை, துணி அப்படியே மூட்டையா இருக்கு. இரக்கமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் கடிதத்துல எதுவும் எழுதி வாங்காம பதில்ல அதைச் சேர்க்க மாட்டேன். எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, வந்ததும் இணைப்புல சேர்த்துக்கலாம்.

4. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது உண்டா?

நீ எழுதினது: "அதெல்லாம் இல்ல சார், எல்லாம் ஜிபேதான்."

அனுப்ப வேண்டியது: "கேஷ் புக்கை நாள்வாரியாக, ஆள்வாரியாகப் பார்த்ததில் இரண்டு செலுத்தல்கள் உள்ளன: 14.10.2024, சாயம் வாங்கியதற்கு ரூ.14,500, 26.10.2024, பாலிதீன் கவர் வாங்கியதற்கு ரூ.11,200. மொத்தம் ரூ.25,700. இவை தவிர 28.10.2024 அன்று லாரி வாடகையாக ரூ.22,000 ரொக்கமாகச் செலுத்தப்பட்டது. வவுச்சர் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

மூணுமே தீபாவளி நெருக்கடியில கொடுத்தது. வருமான வரிச் சட்டம் 40ஏ(3)ல லாரி வாடகைக்கு வரம்பு 35,000, அதனாலதான் அதைத் தனியா எழுதினேன். "இல்ல"ன்னு ஒரு வார்த்தை எழுத வருஷம் முழுக்க கேஷ் புக்கைப் புரட்டியிருக்கணும், நீ புரட்டலை.

5. சிறு, குறு நிறுவனங்களுக்கான பாக்கி

"45 நாள்ல கொடுத்துருவோம்"னு எழுதியிருந்த. எழுத்து ஒப்பந்தம் இருந்தாத்தான் அதிகபட்சம் 45 நாள். இல்லைன்னா 15தான். நம்மகிட்ட யாரோடயும் ஒப்பந்தம் இல்லை.

அனுப்ப வேண்டியது: "31.03.2025 அன்று பாக்கி உள்ள 19 சப்ளையர்களில் 7 பேரின் உத்யம் சான்றிதழ் எங்களிடம் உள்ளது. எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் அவர்களுக்கு 15 நாள் கெடுவை எடுத்துக்கொண்டோம். அதைத் தாண்டிய பில்கள் மூன்று, மொத்தம் ரூ.1,86,400. மீதி 12 பேரின் நிலை எங்களுக்குத் தெரியாது. அவர்களிடம் 11.07.2025 அன்று கடிதம் மூலம் கேட்டுள்ளோம்."

6. கணக்கு மென்பொருளில் எடிட் லாக் ஆண்டு முழுவதும் இயங்கியதா?

நீ எழுதினது: "வருஷம் பூரா ஆன்லதான் இருந்துச்சு."

அனுப்ப வேண்டியது: "எடிட் லாக் உள்ள பதிப்பு 10.06.2024 அன்று நிறுவப்பட்டது. அன்று முதல் பதிவுகள் உள்ளன. 01.04.2024 முதல் 09.06.2024 வரையிலான காலத்துக்கு எங்களிடம் லாக் பதிவு இல்லை."

நிறுவினவரோட பில்லுல தேதி இருக்கு. எந்தப் பதிவை எப்போ மாத்தினாங்கன்னு காட்டுற இந்த லாக் இருக்கணும்ங்கிற விதி கம்பெனிகளுக்கு 01.04.2023லேர்ந்தே உண்டு, ஆடிட்டர் தன் அறிக்கையில இதைப் பத்தி எழுதியே ஆகணும். மறைச்சா முதல்ல மாட்டுறது அவர், அப்புறம் நாம.

7. இனி என்ன செய்வீர்கள்?

"அடுத்த வருஷம் ஒரு தப்பும் வராது சார்"னு நீ எழுதினதை முழுசா எடுத்துட்டேன். யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது. பதிலா:

"01.08.2025 முதல் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஜாப் ஒர்க் சலான்களைக் கணக்குப் பிரிவு சரிபார்த்து, பத்து மாதம் கடந்தவற்றின் பட்டியலை நிர்வாக இயக்குநரிடம் கொடுக்கும். ரூ.10,000க்கு மேற்பட்ட ரொக்க வவுச்சருக்கு அவருடைய முன் கையெழுத்து வேண்டும்."

ரெண்டே ரெண்டு. முதலாளிகிட்ட காலையில கேட்டுட்டேன், ரெண்டுக்கும் சரின்னார். மாசாமாசம் ஸ்டாக் எண்ணுறதையும் சேர்க்கலாமான்னு கேட்டார். நம்மகிட்ட குடோன்ல இருக்கிறது மூணு பேரு, சித்திரைத் திருவிழா, தீபாவளி மாசத்துல முடியாதுன்னு சொல்லிட்டேன்.

எண்களை நீ ஒருதடவை மூலத்தோட ஒத்துப் பாரு, குறிப்பா 214ம் 60ம். தப்பு இருந்தா அஞ்சு மணிக்குள்ள சொல்லு, முதலாளி ஆறு மணிக்குத் திருப்பரங்குன்றம் கிளம்புறார், அதுக்குள்ள கையெழுத்து வாங்கணும். ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்தா வாயால பதில் சொல்லாத, "எழுத்துல அனுப்புறோம் சார்"னு மட்டும் சொல்லு.

அக்கா