பெரியப்பா போஸ்டர் மேட்டர், ஃபைனல்

மணி அண்ணே, சேகர் பேசுறேன், செவ்வாய்ப்பேட்டை நடேசன் பெரியப்பா இன்னிக்கு சாயங்காலம் தவறிட்டாங்க. உங்க கடை ஆள் போன்ல கேட்டுட்டே இருந்தாரு, வீட்டுல இருந்த அழுகைக்கு நடுவுல பேரெல்லாம் சொல்ல முடியல, இப்பதான் எங்கப்பாவும் ஆத்தூர் சரோஜா அத்தையும் உக்காந்து ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல எழுதி எடுத்துருக்கேன். கீழ இருக்குறத அப்படியே அடிங்க, வரிசை மாத்தவேண்டாம்.

இறப்பு அறிவிப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டை, அமரர் ஆறுமுகம் – அமரர் பாவாயம்மாள் ஆகியோரின் மூத்த குமாரரும்,
நல்லம்மாள் அவர்களின் கணவருமான
கொலுசுப் பட்டறை ஆ. நடேசன் அவர்கள்
(தோற்றம்: 10.3.1943, மறைவு: 14.6.2025)
தமது 82ஆம் வயதில், சனிக்கிழமை மாலை இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அன்னாரின் இறுதி ஊர்வலம் 15.6.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை 3 மணிக்கு, செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் கோயில் பின்புறத் தெருவில் உள்ள இல்லத்திலிருந்து புறப்பட்டு, காக்காயன் மயானத்தில் தகனம் நடைபெறும்.

துயருறும்,
மனைவி: ந. நல்லம்மாள்
மகன்கள், மருமகள்கள்: ச. கோமதி (அமரர் ந. சண்முகம் அவர்களின் மனைவி), ந. மாதேஸ்வரன் – சுமதி
மகள்கள், மருமகன்: கா. தமிழ்செல்வி – செ. காளியண்ணன் (நாகலூர், ஏற்காடு), ந. புவனேஸ்வரி
பேரன் பேத்திகள்: கீர்த்தனா – கோகுல், ச. பிரசன்னா, மா. ஹரிணி, மா. நிதின், கா. தினேஷ் – அபிநயா
கொள்ளுப் பேரன் பேத்தி: யாழினி, கவின்
சகோதரர்: ஆ. பெருமாள் – சாந்தா
சகோதரி: க. சரோஜா (அமரர் கந்தசாமி அவர்களின் மனைவி), ஆத்தூர்
மூத்த சகோதரி அமரர் பாப்பாத்தி அவர்களின் மக்கள்: முத்துசாமி, ராஜேஸ்வரி
சகோதரர் மகன்: பெ. சேகர் – ரம்யா
மைத்துனர்: சின்னத்தம்பி – லட்சுமி, ராசிபுரம்
சம்பந்திகள்: அமரர் மாணிக்கம் குடும்பத்தார் (தாரமங்கலம்), செங்கோடன் – பழனியம்மாள் (நாகலூர்), ரங்கசாமி – விஜயா (ஓமலூர்)
மற்றும் பங்காளிகள், மாமன் மச்சான்கள், உற்றார் உறவினர்கள்.

அவ்வளவுதாண்ணே மேட்டர். இனி சிலது சொல்லிடுறேன், ஏன்னா டிசைன் போடுற தம்பிக்கு இடம் பத்தலன்னா சைஸ்ல கைய வைப்பாரு, இல்ல ஒரு பேர தூக்கிடுவாரு, இதுல ஒரு பேரு கூட போகக்கூடாது.

முதல்ல கோமதி அண்ணி. சண்முகம் அண்ணன் போயி நாளாச்சு, அவரு பேர "அமரர்"னு போட்டு துயருறும் வரிசையில மாதேஸ் அண்ணன் மாதிரி ஒரு ஆளா நிறுத்தக்கூடாது, இல்லாதவரு எப்படி துக்கப்படுவாரு, ஆனா அதுக்காக அவரோட இடமே இல்லாம போயிடவும் கூடாது, மூத்த மகன் வீடு முதல் வீடுதான், அதனாலதான் அண்ணி பேர மேல போட்டு அவர அடைப்புக்குள்ள வச்சிருக்கோம். ஒருத்தர் போன்ல சொன்னாரு, மாதேஸ முதல்ல போட்டுட்டு அண்ணிய கடைசியில சேத்துக்கலாமேன்னு. பெரியம்மா அழுதுட்டிருந்தவங்க நிமுந்து "அவ எம் மூத்த மருமக, முதல்லதான் வரணும்"னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல பேச்சு இல்ல.

புவனா அக்கா பேரும் அப்படித்தான். "மகள்கள், மருமகன்"னு தலைப்பு இருக்குல்ல, ஒருமையா "மருமகன்"தான், "மருமகன்கள்"னு போட்டுடாதீங்க, அக்கா கல்யாணம் பண்ணிக்கல. பெரியப்பாவுக்கு கடைசி வருசங்கள்ல மருந்து, சோறு, ராத்திரி எழுந்து தண்ணி, எல்லாம் அவங்கதான் பாத்தாங்க, பக்கத்துல ஆம்பள பேரு இல்லாததால அந்த வரி சின்னதா தெரியும், தமிழ்செல்வி அக்கா வரிக்கு இருக்குற அதே எழுத்து சைஸ் இவங்களுக்கும் வேணும். இனிஷியல் "ந". அப்பா பேருதான், விட்டுடாதீங்க.

பொண்ணுங்கள வயசு வரிசையில மகன்களோட கலந்து போடலாமான்னு நானே கேட்டேன், தமிழ்செல்வி அக்கா மாதேஸ் அண்ணனுக்கு மூத்தவங்க. அத்தை, மகன் வீடு முதல்ல, மகள் வீடு அடுத்து, அதுக்குள்ள வயசு வரிசைன்னு எங்க ஊர் வழக்கத்தையே சொன்னாங்க, அக்காவும் சரின்னுட்டாங்க. பேரன் பேத்திகள் மட்டும் மகன் வயித்தா மகள் வயித்தான்னு பிரிக்கல, எல்லாரையும் ஒரே வரியிலயே வச்சிட்டோம், நாளைக்கு நெய்ப்பந்தம் பிடிக்குறப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்பாங்க. கீர்த்தனா பக்கத்துல கோகுல், தினேஷ் பக்கத்துல அபிநயா, கல்யாணம் ஆனவங்களுக்கு ஜோடியா வரணும்.

ராசிபுரம் சின்னத்தம்பி மாமா பேர எக்காரணம் கொண்டும் எடுத்துடாதீங்க. பெரியம்மாவுக்கு கோடி எடுத்துட்டு வரவேண்டியது அவருதான், பொறந்த வீட்டு ஆளு பேரு போஸ்டர்ல இல்லன்னா அவரு வாசல்ல வந்து நிக்கும்போது மனசு எப்படி இருக்கும். சம்பந்திகள கல்யாணம் ஆன வரிசைப்படி போட்டிருக்கேன், சண்முகம் அண்ணன் கல்யாணம் முதல்ல, அதனால தாரமங்கலம் முன்னாடி, அப்புறம் நாகலூர், அப்புறம் ஓமலூர். தாரமங்கலத்துல பெரியவங்க ரெண்டு பேருமே இல்ல, அதனால "குடும்பத்தார்"னு போட்டது. மாணிக்கம் அய்யா பேருக்கு முன்னாடி "அமரர்" கட்டாயம் வேணும், செங்கோடன் அய்யா நல்லா இருக்காரு, அவருக்கு தப்பா கூட அது வந்துடக்கூடாது, இதுமட்டும் மூணு தடவ பாத்துக்கங்க.

பட்டறைக்காரங்க தனியா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறாங்களாம், கம்பி இழுக்குறதுல இருந்து பத்த வைக்கிற வரைக்கும் பெரியப்பா கையில தொழில் கத்துக்கிட்டவங்க, அது அவங்க பாசம், அவங்க பேரெல்லாம் அதுலயே வரட்டும், இதுல கலக்கவேண்டாம். இது வீட்டுக்காரங்க குடுக்குற அறிவிப்பு, அதனால தலைப்பு "இறப்பு அறிவிப்பு"ன்னே இருக்கட்டும். கருமாதி தேதியும் இதுல போடவேண்டாம், அதுக்கு தனியா பத்திரிகை அடிக்கணும், அப்ப சொல்றேன்.

போட்டோ, வெள்ளச் சட்ட போட்டு நேரா பாக்குற ஒண்ணு அனுப்பியிருக்கேன், பின்னாடி தெரியுற பட்டறை சுவர வெட்டாதீங்க, முகத்த வெளுப்பாக்கவும் வேண்டாம். போன் நம்பர் எதுவும் வேணாம்.

பாதி போஸ்டர் செவ்வாய்ப்பேட்டைக்கும் குகைக்கும், கொஞ்சம் அன்னதானப்பட்டி. ஒரு கட்டு தனியா கட்டி வைங்க, காலைல ஏற்காட்டுக்கு மேல போற முதல் வண்டியில குடுத்துவிடணும், ஒண்டிக்கடைலயும் நாகலூர்லயும் காளியண்ணன் மாமா ஆள வச்சு ஒட்டிக்குறேன்னாரு. இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்து சேரணும், தோட்டத்துல வேலைக்குப் போறவங்க விடியறதுக்குள்ள பாத்தாத்தான் மதியத்துக்குள்ள இங்க வந்து முகம் பாக்க முடியும்.

ப்ரூஃப் எனக்கு மட்டும் அனுப்பாதீங்க, பிரசன்னாவுக்கும் அனுப்புங்க. அவன் முழிச்சிருக்கான், பெரியம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டுவான், அவங்க சரின்னு சொன்னதும் நான் கூப்புடுறேன், அப்புறம் மெஷின்ல ஏத்துங்க.