கிருஷ்ணகிரியை ஒட்டிய ஒரு மெட்ரிக் பள்ளி: எட்டாம் வகுப்புவரை நம்பிச் சேர்க்கலாம்

வரும் கல்வியாண்டில் இந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகன் 2018-ல் இரண்டாம் வகுப்பில் சேர்ந்து இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான், மகள் யு.கே.ஜி.யில் சேர்ந்து நான்காம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். எட்டு ஆண்டுகளாக இப்பள்ளியின் வாசலில் நின்றிருக்கிறேன் என்பதால், நல்லதையும் குறையையும் ஓரளவு நெருங்கியே பார்த்திருக்கிறேன்.

முதலில் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பள்ளியின் உண்மையான சொத்து கீழ் வகுப்பு ஆசிரியைகள்தான். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்புவரை பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்கும் மேலாக இங்கேயே இருக்கிறார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு. நகருக்குள்ளிருந்து வருபவர்களில் உருது பேசுவோரும் இருக்கிறார்கள். இப்படி மூன்று மொழி வீடுகளிலிருந்து வந்து ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிப்பது எளிய வேலையல்ல. சென்ற ஆண்டு பருவக் கட்டணம் கட்டப் போயிருந்தபோது மூன்றாம் வகுப்பு வராந்தாவில் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. 'மாம்பழம்' என்ற சொல்லை ஒரு சிறுவன் 'மாம்பலம்' என்று எழுதிவிட்டு விழித்துக்கொண்டிருந்தான். அந்த மிஸ் அவனைத் திட்டவில்லை. "உங்க வீட்டுல இதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டார். அவன் கூச்சத்துடன் "மாமிடி பண்டு" என்றான். அதைக் கரும்பலகையின் ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் 'மாம்பழம்' என்று எழுதி, நாக்கை எங்கே மடித்தால் அந்த 'ழ' வரும் என்று வகுப்பு முழுவதையும் சொல்லிப் பார்க்க வைத்தார். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவனுக்காக ஐந்து நிமிடம் ஒதுக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரையும் குறையென்று பெரிதாக ஏதுமில்லை. அறிவியல் ஆசிரியர் பாடத்துக்குப் பாடம் ஏதாவது ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறார். ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் வாரம் ஒரு நாள் பிள்ளைகள் முன்னால் நின்று பேச வேண்டும். சிக்கல் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. என் மகனுக்கு இந்த ஓராண்டில் மட்டும் மூன்று கணித ஆசிரியர்கள் மாறினார்கள். ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போனார், மற்றொருவருக்கு ஓசூரில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்தது. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளி கொடுக்கும் சம்பளத்தில் பட்டதாரி ஆசிரியர்களை நிறுத்திவைக்க முடியவில்லை என்பதே விஷயம். கீழ் வகுப்பு ஆசிரியைகள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகளும் இங்கேயே படிப்பதால் தங்கிவிடுகிறார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும், ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் மீதமிருந்த பாடங்களை இரண்டே வாரத்தில் ஓட்டிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். பொதுத்தேர்வு மதிப்பெண்ணை விளம்பரப் பலகையில் போட வேண்டிய கட்டாயம் பல தனியார் பள்ளிகளை இந்த வழிக்குத் தள்ளுகிறது. இப்பள்ளியும் அதிலிருந்து தப்பவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை இப்படித் தாண்டிப் போவதைத் தடுக்கும் எண்ணத்தோடுதான் 2017-18-ல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டதால், மேல்நிலை வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் 'பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழு ஆண்டும் நடத்துவீர்களா' என்ற கேள்வியை முதல்வரிடம் நேரடியாகவே கேட்பது நல்லது. நான் கேட்டபோது எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

வசதிகளில் நான் முதலில் பார்ப்பது குடிநீரை. நம் மாவட்டத்திலும் தர்மபுரியிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதும், ஊருக்கு ஊர் பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்கள் இருப்பதும் நமக்குப் புதிதல்ல. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-க்குப் பிறகு அந்த நீர் கிடைத்தாலும், பல நிறுவனங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கலந்தே பயன்படுத்துகிறார்கள். இப்பள்ளியில் குடிப்பதற்கு ஒகேனக்கல் நீருக்குத் தனித் தொட்டியும், கழிப்பறைக்கும் செடிகளுக்கும் போர் தண்ணீருக்கு வேறு தொட்டியும் வைத்திருக்கிறார்கள். தொட்டியின் மீது பெயிண்டால் எழுதியும் இருக்கிறது. ஒகேனக்கல் நீர் வராத நாட்களில் கேன் தண்ணீர் வாங்கி வைக்கிறார்கள். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் வேறெதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

கழிப்பறையைப் பற்றி அதே அளவுக்குப் பாராட்ட முடியவில்லை. சென்ற ஜூலையில் என் மகளின் தண்ணீர் பாட்டில் தொடர்ந்து நான்கு நாட்கள் முழுதாகவே திரும்பி வந்தது. விசாரித்தபோதுதான், பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால் அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள் என்பது தெரிந்தது. டைரியில் எழுதி அனுப்பினேன், ஒரு வாரம் அசைவில்லை. பிறகு நான்கைந்து தாய்மார்கள் சேர்ந்து தாளாளரைப் பார்த்த பின் மூன்றாம் வாரத்தில் தாழ்ப்பாள் மாட்டினார்கள். அதன் பிறகு ஓர் ஆயா அம்மாவை அங்கேயே அமர்த்தியிருக்கிறார்கள், இப்போது சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் சொல்லிச் சொல்லித்தான் நடக்கும் என்பதைச் சேர்க்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கட்டடம் உறுதியானது. 2004-ல் கும்பகோணத்தில் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் இல்லாமல் எந்தப் பள்ளியும் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க முடியாது. இப்பள்ளி அவற்றை அலுவலகச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகள் மட்டும் தகரக் கூரை போட்ட இணைப்பில் நடக்கின்றன, மார்ச் பிற்பகலில் அங்கே உட்கார முடிவதில்லை. கணினி அறையும் ஆய்வகமும் போதுமான அளவில் இருக்கின்றன. நூலகம் என்று ஓர் அறை உண்டு, ஆனால் கண்ணாடி அலமாரிகள் பூட்டியே கிடக்கின்றன. என் மகன் எட்டு ஆண்டுகளில் அங்கிருந்து ஒரு புத்தகமும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மைதானம் பெரியது. அதில் பாதியை வேன்கள் பிடித்துக்கொள்கின்றன.

வேன் வசதி காவேரிப்பட்டினம், பர்கூர், வேப்பனப்பள்ளி வரை போகிறது. எல்லா வண்டிகளிலும் உதவியாளர் இருக்கிறார். தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய நிறுத்தங்களில் அவரே இறங்கிப் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிடுகிறார். பள்ளி வாகனங்களுக்கு 2012-ல் தமிழக அரசு வகுத்த சிறப்பு விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருந்தாலும், நடைமுறையில் எல்லாப் பள்ளிகளிலும் இதைக் காண முடிவதில்லை.

பிள்ளைகள் இங்கே பயமில்லாமல் இருக்கிறார்களா என்று கேட்டால், கீழ் வகுப்புகளைப் பொறுத்தவரை தயங்காமல் ஆம் என்பேன். பிரம்பு கிடையாது. உணவு இடைவேளையில் வேப்ப மரத்தடிக் கருங்கல் பெஞ்சுகளில் மிஸ்களும் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் காட்சி மாறுகிறது: காலை ஏழரைக்கே ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறரைவரை ஸ்டடி, சனிக்கிழமை தேர்வு. பி.டி. பீரியட் கால அட்டவணையில் மட்டும் இருக்கிறது. தேர்வு மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் இருமுறை கேட்டும் பலனில்லை.

பாதுகாப்பு குறித்து ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். 2024 ஆகஸ்டில் நம் மாவட்டத்திலேயே போலி என்.சி.சி. முகாம் ஒன்றில் மாணவிக்கு நேர்ந்த கொடுமை வெளிவந்த பிறகு, வெளியாட்கள் நடத்தும் எந்தப் பயிற்சிக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், ஓர் ஆசிரியை உடனிருக்க வேண்டும் என்ற விதியை இப்பள்ளி கொண்டுவந்தது. கராத்தே வகுப்புக்கு நான் போய்ப் பார்த்தேன், ஆசிரியை இருந்தார். 1098, 14417 ஆகிய உதவி எண்களும் வகுப்பறை வாசல்களில் ஒட்டப்பட்டுள்ளன. என் மகளுக்கு அவை மனப்பாடமாகத் தெரியும்.

கட்டணத்தில் ஒளிவு மறைவு குறைவு. கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையை அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். நடப்பாண்டில் எல்.கே.ஜி.க்கு 18,500 ரூபாய், ஒன்பதாம் வகுப்புக்கு 31,000 ரூபாய். புத்தகம், நோட்டு, சீருடை, வேன் தனி. நன்கொடை கேட்கவில்லை. யு.கே.ஜி. சேர்க்கையின்போது மகளிடம் நிறங்களின் பெயர் கேட்டார்கள், 'சும்மா பேசிப் பார்த்தோம்' என்றார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்பதால் அதைப் பெற்றோர் பெரிதாக எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தயார் செய்ய வேண்டியதில்லை. மருத்துவப் படிப்பைக் கனவு காண்பவர்கள் மட்டும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து முடிவெடுக்கலாம்.

பள்ளியைப் பார்க்கப் போவதானால் சேர்க்கைக்காகத் தோரணம் கட்டியிருக்கும் நாளில் போகாமல், ஏதாவது ஒரு வேலை நாளில், மதிய உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள். காவலாளியிடம் பெயரெழுதிக் கையெழுத்திட்டால் அனுமதிக்கிறார்கள். மகளை எட்டாம் வகுப்புவரை இங்கேயே படிக்க வைப்பதாக இருக்கிறோம். மகனைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. வாங்கி, நகரிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பதாகப் பேசி முடித்துவிட்டோம். அவனுக்கும் அதில் சம்மதம், மூன்றாம் வகுப்புத் தமிழ் மிஸ்ஸைப் பிரிவதுதான் கஷ்டம் என்கிறான்.