பாக்கி 30 ரூபா

பக்கத்து வீட்டு கலா வந்து "சார், அவரோட கம்ப்யூட்டர எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி உள்ள எங்க வீட்டு போட்டோ ஏதாச்சும் கெடக்கான்னு பாத்து சொல்றீங்களா"ன்னு கேட்டப்ப மணி பதினொண்ணு இருக்கும். அவங்க வீட்டுக்காரர் சேகர் ஹரித்ராநதி பக்கத்துல ஸ்டுடியோ வச்சிருந்தாரு. எல்லார் கையிலயும் செல்போன் வந்ததும் மூடிட்டாரு, போன வருஷம் அவரும் போயிட்டாரு. நான் மன்னார்குடியிலயே 29 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து 2016ல ரிட்டயர் ஆனவன், ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேபையும் என் தலையிலதான் கட்டியிருந்தாங்க, மெக்கானிக் வர ரெண்டு வாரம் ஆகும்னு நானே கழட்டி மாட்டிப் பழகிக்கிட்டேன். அந்த நம்பிக்கையிலதான் கேட்டாங்க.

திண்ணையில பழைய பேப்பர விரிச்சு வச்சு சைடு கவரக் கழட்டினேன். பென்டியம் 4 மிஷின். உள்ள தூசி தூசியா இல்ல, கம்பளி மாதிரி படிஞ்சிருந்துச்சு, சிபியூ ஃபேன் சுத்தவே எடமில்ல. எஸ்எம்பிஎஸ் ஓரத்துல பல்லி முட்டை ஓடு ரெண்டு. பெயின்ட் பிரஷ்ஷால மெதுவா தட்டி, ஃபேன் சுத்தாம விரலால புடிச்சுக்கிட்டு சைக்கிள் பம்ப்பால காத்தடிச்சேன், ரேம உருவி அந்த மஞ்சப் பல்ல பென்சில் ரப்பரால தேச்சேன், தேச்ச எடமெல்லாம் கறுப்பா வந்துச்சு. காஞ்ச பேஸ்ட்ட வழிச்சுட்டு புதுசு தடவி மாட்டினதும் ஒரே ஒரு பீப். கலா வாசப்படியில நின்னுக்கிட்டு "அவரு காலையில ஸ்டுடியோ தொறந்தா இந்தச் சத்தம்தான் சார் கேக்கும்"னாங்க, நான் நிமிந்து பாக்கல.

`CMOS checksum error - Defaults loaded`ன்னு வந்துச்சு, பேட்டரி செத்துப்போச்சுன்னு அர்த்தம். F1 அமுக்கினதும் எக்ஸ்பி தொறந்துச்சு, தேதி 2002ன்னு காட்டுச்சு.

டி டிரைவ்ல `STUDIO`ன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள வருஷ வாரியா அடுக்கி வச்சிருந்தாரு மனுஷன். மொதல்ல கலா பொண்ணோட வளைகாப்பு போட்டோ கெடைச்சுது, அத பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தேன், அவங்க உள்ள போய் பொண்ணுக்கு போன் போட்டுட்டு இருந்தாங்க. நான் சும்மா 2009ஐத் தொறந்தேன். `SCHOOL 10B`. என் கிளாஸ்.

பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம், பின்னாடி நீலத்துணி, எல்லாப் பயலும் எண்ணெய் வழிய தலை சீவி கேமராவ முறைச்சுக்கிட்டு. ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே போறேன், பேரெல்லாம் நாக்குலயே வருது, முன்பெஞ்சு, கடைசி பெஞ்சு, ட்ரிக்னாமெட்ரின்னா அழுவுறவன். ஏழாவதோ எட்டாவதோ போட்டோவுல கை நின்னுச்சு. பாக்கெட் ஓரத்துல மிளகு அளவுக்கு ஒரு இங்க் புள்ளி. திரும்பி மொதல்ல இருந்து பாத்தா, அதே சட்டை. ஒருத்தனுக்கு தோள் தொங்குது, ஒருத்தனுக்கு கழுத்துப் பட்டனே போட முடியல, ஆனா அதே வெள்ளச் சட்டை, அதே புள்ளி. எண்ணிப் பாத்தேன், 14 பேரு.

கலாவ கூப்ட்டு காட்டினேன். "அது ஸ்டுடியோ சட்டை சார். நல்ல சட்டை இல்லாம வர்ற புள்ளைங்களுக்குன்னே ஆணியில மாட்டி வச்சிருப்பாரு, வாரத்துக்கு ஒருதரம் நான்தான் தொவச்சு நீலம் போட்டுக் குடுப்பேன்"னாங்க. வருஷம் பூரா அந்தப் பசங்கள எதுக்கால நிக்க வச்சு பாடம் எடுத்தவன் நான். யாருகிட்ட சட்டை இல்லன்னு எனக்குத் தெரியல, சேகருக்குத் தெரிஞ்சிருக்கு.

அந்த வருஷத்துக்குள்ளயே `PENDING`ன்னு இன்னொரு ஃபோல்டர். காசு குடுக்காம போனவங்க. அதுல ஒரு ஃபைல்:

`VEERAMANI 10B BAL 30.jpg`

அதே சட்டையில வீரமணி. கோட்டூர் பக்கத்துல இருந்து வருவான், அப்பா இல்ல, அம்மா நடவுக்குப் போவாங்க. எல்லாரும் போட்டோ குடுத்துட்டாங்க, இவன் மட்டும் நாளைக்கு நாளைக்குன்னு நாலு நாள் இழுத்தான், ஹெச்எம் என்னைக் கேக்க, அந்தக் கோவத்துல நான் அவன்கிட்ட "போட்டோ இல்லாம கிளாஸுக்குள்ள கால வைக்காத"ன்னு கத்தினேன். அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல. அவனுக்குப் படிப்பு ஏறல, வேலைக்குப் போயிட்டான்னு எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன். கணக்குல அவன் 80க்குக் கொறஞ்சதே இல்ல, அது தெரிஞ்சும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.

போட்டோ எடுத்துத்தான் இருந்திருக்கான். வாங்க 30 ரூபா இல்ல.

பர்ஸ தொறந்து 30 ரூபாய எடுத்து நீட்டினேன். கலா உள்ள போய் பச்சை அட்ட போட்ட நோட்டு ஒண்ண எடுத்துட்டு வந்து, பக்கம் பக்கமா தள்ளி அவன் பேரைக் கண்டுபுடிச்சாங்க, ஆனா காச மட்டும் வாங்கல. "கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பாரு சார், அந்தப் புள்ள அப்புறம் இந்தப் பக்கமே வரலன்னு எத்தனை தரம் சொல்லியிருக்காரு தெரியுமா"ன்னாங்க.

2009 பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல இருக்கற ஒருத்தன்கிட்ட கேட்டு நம்பர் வாங்க ராத்திரி ஆயிடுச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டராம். மொதல்ல போட்டோவ அனுப்பினேன், ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் இல்ல. அரை மணி நேரம் கழிச்சு அவனே கூப்ட்டான். பின்னாடி மிஷின் சத்தம், அப்புறம் கதவு சாத்துற சத்தம், அதுக்கப்புறம்தான் குரல் வந்துச்சு.

"சார், நல்லா இருக்கீங்களா சார்?"

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, போட்டோ எங்க கெடைச்சுதுன்னு நான் பாட்டுக்கு ஃபேன் ரேம்னு ஏதேதோ சொல்லிட்டு இருந்தேன். அவன் குறுக்க பேசல. கடைசியில "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா வீரமணி"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகல சார். சைக்கிள் ஸ்டாண்டுலதான் நின்னேன், மூணாவது பீரியடு வரைக்கும். நீங்க கூப்புடுவீங்கன்னு."

மூணாவது பீரியடு எனக்கு ஃப்ரீ பீரியடு. ஸ்டாஃப் ரூம்ல டீ குடிச்சுட்டு இருந்திருப்பேன். ஜன்னல்ல எட்டிப் பாத்தா ஸ்டாண்டு தெரியும்.

அவன்கிட்ட அதச் சொல்ல வாய் வரல. அவனே பேச்ச மாத்தினான். "இத அம்மாக்குக் காட்டணும் சார். கஜா புயல்ல ஓடு பூரா போயி பொட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு, என் சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட இல்ல. என் பையன் நீ பத்தாவதுல எப்புடி இருந்தப்பான்னு கேட்டுக்கிட்டே இருப்பான். எட்டு காப்பி போட்டு வைக்க முடியுமா சார், பொங்கலுக்கு ஊருக்கு வரேன்."

"போட்டு வைக்கறேன்டா. ஸ்டுடியோ பாக்கி 30 ரூபா இருக்கு, அத நான் குடுத்துட..."

"வேணாம் சார்"னான், சட்டுன்னு. "அத நீங்க குடுத்துடாதீங்க. அந்த அக்காகிட்ட நானே குடுக்கறேன்."

காலையில கலாகிட்ட போய் மிஷின எடைக்குப் போட வேணாம், பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்னு சொன்னேன். புது பேட்டரி மாட்டி தேதிய சரிபண்ணிக் குடுத்துட்டு, பச்ச நோட்டுல அந்த வரிய மட்டும் அடிச்சிடாதீங்கம்மான்னும் சொல்லிட்டு வந்தேன்.