முன்னாய்வு மீள்நோக்கு: பத்தி வாரியான எழுத்து மாதிரி

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் முதுகலை மாணவர்களுக்காக இம்மாதிரி எழுதப்பட்டது. உங்களில் பலர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் என்பதால், தோட்டத் துண்டாடலுக்குப் பின் நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களை எடுத்துக்காட்டுத் தலைப்பாகக் கொண்டுள்ளேன்.

முதற் பத்தி எல்லையை வகுக்கட்டும். ஐந்து வாக்கியங்கள் போதும். "தீபகற்ப மலேசியத் தோட்டத் தமிழரின் குடியேற்றம், உழைப்பு, வெளியேற்றம் ஆகியவை பற்றி 1969 முதல் 2014 வரை வெளிவந்த நூல்களுள் நான்கை இப்பகுதி ஆராய்கிறது, கட்சி அரசியல் வரலாறு இதில் சேர்க்கப்படவில்லை" என்று தொடங்கலாம்.

இரண்டாம் பத்தியில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். "சந்து 1969இல் கூறினார், ஜெயின் 1970இல் கூறினார்" என அடுக்கினால் அது நூற்பட்டியலாகிவிடும். ஆசிரியர் பெயருக்கு முன் உங்கள் கருத்து வர வேண்டும்: "தோட்டத் தமிழரைத் தொடக்க ஆய்வுகள் இரு தொலைவுகளிலிருந்து பார்த்தன. புவியியலாளரான கே. எஸ். சந்து (1969) நாடு தழுவிய குடியேற்றத்தையும் குடியமர்வையும் வரைந்தார். மானிடவியலாளரான ரவீந்திர ஜெயின் (1970) ஒரு தோட்டத்துக்குள் இருந்து அன்றாட உறவுகளைக் கவனித்தார். முன்னதில் பரப்பு தெரிகிறது, பின்னதில் மனிதர் தெரிகின்றனர்." இந்தக் கடைசி வாக்கியம் உங்களுடையது, அதற்காகவே மேலே உள்ளவை எழுதப்பட்டன.

மூன்றாம் பத்தி கருத்து வேறுபாட்டுக்குரியது. மைக்கேல் ஸ்டென்சன் (1980) இந்தியர் நிலையை வர்க்கம், இனம், காலனியம் ஆகியவற்றின் பிணைப்பாக விளக்குகிறார். ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் (2014) தோட்டங்கள் அழிந்து வீடும் கோயிலும் பறிபோகும் வேளையில் மக்களுக்கு நீதி என்பது என்னவாகிறது என்று கேட்கிறார். இவர்களுள் யார் சரி என்று தீர்ப்பளிக்க வேண்டாம். ஒருவரின் கேள்வி மற்றவரின் விடையில் எதைத் தொடாமல் விடுகிறது என்று காட்டுங்கள். தோட்டத்து லயத்தில் பிறந்த உங்களுக்குச் சினம் எழுவது இயல்பே. ஆனால் அச்சினத்தைச் சான்றுகளை நுணுக்கமாகப் படிப்பதில் செலவிடுங்கள்.

நான்காம் பத்தி முறையியலைச் சுருக்கமாகத் தொடட்டும்: ஆவணமா, நேர்காணலா, கள வாழ்வா, எந்த மாநிலம், எந்த ஆண்டுகள்.

ஐந்தாம் பத்தியில் இடைவெளியைச் சொல்லுங்கள். "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று எழுதாதீர்கள். அதை நிறுவ எல்லா நூல்களையும் படித்திருக்க வேண்டும். "இங்கு ஆராயப்பட்ட நான்கு நூல்களிலும், பேராவின் சிறுநகரங்களுக்குப் பெயர்ந்த பெண்களின் வேலைத் தேடல் மையப் பொருளாக இல்லை" என்பது காக்கக்கூடிய கூற்று. அதே பத்தியின் இறுதியில் உங்கள் ஆய்வு வினாவை ஒரே வாக்கியத்தில் வையுங்கள்.

வரும் சனிக்கிழமை வரைவுடன் தனித்தாள் ஒன்றையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் அதில் எழுதி, வரிசையாக உரக்கப் படிப்போம். வாதம் எங்கே அறுபடுகிறதோ அந்தப் பத்தியிலிருந்து திருத்தத்தைத் தொடங்குவோம்.